பதினொன்றரை மணித் தலைவலி

பிள்ளை தலைவலி என்று சொன்னதும் மதுரைப் பக்கத்து வீடுகளில் மூன்று தீர்ப்புகளில் ஒன்று வந்து விழும். "தலைக்கு ஊத்திட்டு ஈரத்தோட திரிஞ்சா நீர் கோக்காம என்ன செய்யும்" என்பார் அப்பத்தா. "எந்நேரமும் போனு, கண்ணு கெட்டுப்போச்சு, கண்ணாடி போட்டாத்தான் சரிவரும்" என்பார் அப்பா. பரீட்சை நெருங்குகிற மாதமாக இருந்தால் மூன்றாவது தீர்ப்பு: "பள்ளிக்கூடம் போகாம இருக்க நடிக்குது." தைலம் தடவுவதும், கண்ணாடிக் கடைக்குப் போவதும், அதட்டி அனுப்புவதும் இந்தத் தீர்ப்புகளைப் பொறுத்தது. எத்தனை மணிக்கு வலிக்கிறது என்று மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

பிள்ளைகளின் தலைவலியில் அந்தக் கேள்விதான் அதிகம் சொல்லும். எங்கே வலிக்கிறது என்றால் பத்து வயதுப் பிள்ளை நெற்றியைத் தொட்டுக் காட்டும், அவ்வளவுதான். குத்துகிறதா, இடிக்கிறதா, அழுத்துகிறதா என்றால் எதற்கும் ஆமாம் என்று தலையாட்டும். ஆனால் "கணக்கு பீரியடு முடியுறப்ப", "டியூசன்ல இருக்கப்ப", "ஞாயித்துக்கிழமை எந்திரிச்சவுடனே" என்று நேரத்தைச் சரியாகச் சொல்லிவிடும். பள்ளிக்கூடத்து மணி அதற்கு உதவுகிறது.

அடிக்கடி தலைவலி வந்து, நடுவில் உள்ள நாட்களில் பிள்ளை நன்றாக ஓடியாடினால், அது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒன்று, தலையைச் சுற்றித் துணி கட்டியதுபோல் மந்தமாக அழுத்தும் இறுக்கத் தலைவலி. மற்றது மைக்ரேன். பள்ளிப் பிள்ளைகளில் பத்தில் ஒருவரை நெருங்கும் அளவுக்கு மைக்ரேன் உண்டு என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. காரணம், அது பெரியவர்களுக்கு வருவதுபோல் இருக்காது. பெரியவர்களுக்கு ஒரு பக்கமாக இடிக்கும். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் நெற்றி முழுக்கவோ இரண்டு பொட்டிலுமோ வலிக்கும். பெரியவர்களுக்கு நாள் முழுக்க நீடிப்பது பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரத்திலேயே அடங்கிவிடலாம். முகம் வெளுக்கும், வயிற்றைப் புரட்டும், சில சமயம் வாந்தி வரும். வெளிச்சத்தையும் சத்தத்தையும் பொறுக்காமல் பிள்ளை இருட்டு அறையைத் தேடிப்போய்ப் படுக்கும். ஒரு மணி நேரம் தூங்கி எழுந்தால் பசிக்கிறது என்று கேட்டுச் சாப்பிட்டுவிட்டுத் தெருவுக்கு விளையாடப் போய்விடும். "இப்பத்தான வலியில துடிச்ச?" என்ற சந்தேகம் அங்கேதான் பிறக்கிறது. தூங்கினால் தெளிவது மைக்ரேனின் குணம். அதை நடிப்புக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்வது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். குடும்பத்தில் அம்மாவுக்கோ அத்தைக்கோ இதே வலி இருந்திருக்கும். சின்ன வயதில் பஸ்ஸில் ஏறினாலே வாந்தி எடுக்கிற பிள்ளையாகவும் அது இருந்திருக்கலாம்.

ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம், ஏழாம் வகுப்பு, எடை 34 கிலோ. ஆறு மாதத்துக்கும் மேலாகத் தலைவலி விட்டு விட்டு வருகிறது. கண்ணாடி வாங்கிப் போட்டாயிற்று, சைனஸ் என்று ஒரு தடவை மருந்தும் சாப்பிட்டாயிற்று. வலி நிற்கவில்லை. இப்போது அம்மா ஒரு பழைய நோட்டில் நான்கு வாரத்துக்குக் குறிப்பு எழுதுகிறார். தேதி, வலி தொடங்கிய நேரம், முந்தைய இரவு படுத்த நேரம், எழுந்த நேரம், கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டது, வாந்தி உண்டா, மாத்திரை கொடுத்தோமா. இவ்வளவு போதும்.

நான்கு வாரத்தில் ஒன்பது நாள் வலி. அதில் ஆறு, பள்ளி நாளில் பதினொன்றுக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவில் தொடங்கியவை. இரண்டு, ஞாயிறு காலை பத்து மணி வாக்கில். ஒன்று மட்டும் மாலையில், திருவிழாவுக்குப் போய் வெயிலில் நின்று வந்த அன்று, வாந்தியோடு. அந்தப் பிள்ளையின் ஒரு நாள் இது: காலை ஐந்தேகாலுக்கு எழுந்து ஆறு மணி டியூசன். வந்து ஒரு டம்ளர் டீ, இரண்டு பிஸ்கட். ஏழே முக்காலுக்கு பஸ். இட்லி தட்டில் இருக்கும், "எனக்கு வேணாம், வாந்தி வர மாதிரி இருக்கு" என்று ஓடிவிடும். மதியச் சாப்பாடு பன்னிரண்டே முக்காலுக்கு. முந்தைய இரவு சாப்பிட்டது எட்டரைக்கு. ஆக, ஒழுங்கான சாப்பாடு இல்லாத இடைவெளி பதினாறு மணி நேரத்துக்கும் மேல். படுத்தது பதினொன்று, எழுந்தது ஐந்தேகால். தூக்கம் ஆறேகால் மணி நேரம். ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரமும், பதின்மூன்று வயதுக்கு மேல் எட்டு முதல் பத்து மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் கணக்கு. இந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு இரவும் ஏறக்குறைய மூன்று மணி நேரம் கடன்.

அந்த ஆறு பதினொன்றரை மணித் தலைவலிக்குப் பட்டினிதான் தூண்டுதல் என்று சொல்லிவிடலாம். "சர்க்கரை இறங்கிப்போச்சு" என்று எல்லாரும் சொல்வதுதான் முழுச் சரி இல்லை. ஆரோக்கியமான பிள்ளை ஒரு வேளை சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்து ரத்தச் சர்க்கரையைத் தாங்கிப்பிடிக்கும். அந்த நேரத்தில் சோதித்தால் பெரும்பாலும் அளவு சரியாகவே இருக்கும். ஆனால் பசி, தூக்கம், உடல் வெப்பம் மூன்றையும் நிர்வகிக்கிற ஹைபோதலாமஸ் என்ற மூளைப் பகுதி, மைக்ரேன் தொடங்கும் இடங்களிலும் ஒன்று. அதன் ஒழுங்கு குலைந்தால், மைக்ரேன் சுபாவம் உள்ள மூளை வலியால் பதில் சொல்கிறது. அதனால்தான் ஒரே வகுப்பில் சாப்பிடாமல் வந்த பத்துப் பிள்ளைகளில் ஒன்றுக்கு மட்டும் மண்டை இடிக்கிறது. மற்ற ஒன்பதும் வெறும் பசியோடு உட்கார்ந்திருக்கும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மைக்ரேன் வலி தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பே அது உடம்பில் வேலையைத் தொடங்கிவிடும்: கொட்டாவி, சிடுசிடுப்பு, பசியின்மை, குமட்டல். ஏழரை மணிக்கு இட்லி வேண்டாம் என்று பிள்ளை ஓடியது, சாப்பிடாததால் வலி வந்த கதையாகவும் இருக்கலாம். வலி வரப்போவதால் சாப்பாடு பிடிக்காமல் போன கதையாகவும் இருக்கலாம். குறிப்பு நோட்டு இங்கே உதவும். சாப்பிடாமல் போகிற எல்லா நாளும் வலிக்கிறதா, வலிக்கிற நாளில் மட்டும் சாப்பாட்டை வெறுக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். இந்தப் பிள்ளை அநேகமாக எல்லா நாளுமே வெறும் டீயோடுதான் போகிறது. வலிப்பதோ அதில் சில நாள்தான். முந்தைய இரவு தூக்கமும் வழக்கத்தைவிடக் குறைந்த நாள்களில்தான் வந்திருக்கிறது. இரண்டு தூண்டுதல் சேரும்போது வரம்பு தாண்டுகிறது. "நேத்தும்தான் சாப்பிடல, நேத்து வலிக்கலயே" என்ற வாதம் செல்லாமல் போவது இதனால்தான்.

காலைச் சாப்பாடு தவறுவது வீட்டுச் சோம்பேறித்தனம் என்று சிலர் பேசுவது எனக்கு ஒப்புவதில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில், ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கியது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொன்றாக வருகிறது. ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும். ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு உள்ளூர்ப் பள்ளி முடிந்து பஸ் பயணம் தொடங்குகிறது. அதே ஆண்டில் பள்ளிக்கூடத்துக் காலைச் சாப்பாடும் நிற்கிறது. தாய் நூறு நாள் வேலைக்கோ பூக்கட்டவோ கிளம்புகிற அதே நேரம் அது. பத்து வயது வரை வராத தலைவலி பதினொன்றில் வந்தால், வகுப்பு மாறியதோடு என்னென்ன மாறியது என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

தீர்வு பெரிய சமையல் இல்லை. ஐந்தேகாலுக்கு எழுந்த வயிறு ஆறு மணிக்கு இட்லி கேட்காது. டியூசன் போகும் முன் ஒரு வாழைப்பழமும் ஒரு கை வேர்க்கடலையும், அல்லது தயிர் ஊற்றிக் கரைத்த பழைய சோறு, அல்லது கம்மங்கூழ். மிச்சத்தைச் சின்ன டப்பாவில் போட்டு இடைவேளைக்கு. பொடி தடவிய இரண்டு இட்லி போதும். வெறும் டீயும் பிஸ்கட்டும் இந்தக் கணக்கில் சேராது. அந்த டீயிலும் காபியிலும் காஃபின் இருக்கிறது. தினமும் குடித்துப் பழகிய பிள்ளைக்கு ஒரு நாள் தவறினாலும் அதுவே தலைவலி கொண்டுவரும். தண்ணீர் விஷயம் தனி. கழிப்பறை சரியில்லாத பள்ளிகளில் பெண் பிள்ளைகள் காலையிலிருந்து மாலை வரை வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். வீட்டில் கேட்டால் "குடிச்சேன்" என்றுதான் வரும். கொண்டுபோன பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வருகிறதா என்று பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமைத் தலைவலி இரண்டும் பட்டினியின் கணக்கிலும் வரும், தூக்கத்தின் கணக்கிலும் வரும். ஆறு நாள் கடனை ஒரே நாளில் அடைக்கப் பிள்ளை ஒன்பதரை வரை தூங்குகிறது. குறைந்த தூக்கம் போலவே, திடீரென்று நீண்ட தூக்கமும் மைக்ரேனைத் தூண்டும். அதோடு காலைச் சாப்பாடும் டீயும் பத்து மணிக்குத் தள்ளிப்போகின்றன. "பாவம், ஒரு நாளாச்சும் தூங்கட்டும்" என்கிற பாசம் புரிகிறது. ஆனால் விடுமுறை நாளில் எழுப்பும் நேரம் மற்ற நாளைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளாமல் இருந்தால்தான் பலன் தெரியும். தூக்கத்தைக் கூட்ட வேண்டியது இரவுப் பக்கத்தில். காலை டியூசனும் மாலை டியூசனும் சேர்ந்து ஓடுகிற வீட்டில் ஒன்பது மணி நேரத் தூக்கத்துக்கு இடமே கிடையாது. ஒன்றை விட்டாக வேண்டும். எதை விடுவது என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் கசப்பான பேச்சுவார்த்தைதான். படுக்கையில் போன் இல்லாமல் ஒன்பதரைக்கு விளக்கை அணைப்பது அந்தப் பேச்சில் எளிதான பகுதி. இரவில் குறட்டை விட்டு, வாயால் மூச்சு வாங்கி, காலையில் மந்தமான தலைவலியோடு எழும் பிள்ளை என்றால் நேரத்தை மாற்றிப் பயனில்லை. மூக்கின் பின்னால் அடினாய்டு என்ற சதை வீங்கியிருக்கிறதா என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டும்.

கண்ணைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான பெற்றோர் முதலில் செலவழிப்பது அங்கேதான். பார்வைக் குறையால் வரும் தலைவலிக்கு ஒரு நேரக் கையெழுத்து உண்டு. அது கிட்டத்தில் படித்து, எழுதி, கண்ணுக்கு நெடுநேரம் வேலை கொடுத்த பிறகு வரும்: மாலையில், வீட்டுப்பாடத்தின் நடுவில், புருவத்துக்கு மேல் மந்தமாக. படிக்காத விடுமுறையில் வராது. வாந்தியும் இருக்காது. காலையில் எழும்போதே இருக்கும் வலியையும், புரட்டி வாந்தி வரும் வலியையும் கண்ணாடியால் தீர்க்க முடியாது.

அதிலும் கிட்டப்பார்வை, அதாவது கரும்பலகை மங்குகிற பிள்ளை, தலைவலியைவிடக் கண்ணை இடுக்குவதிலும் டிவிக்கு முன்னால் போய் நிற்பதிலும்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். தலைவலி தருவதில் தூரப்பார்வைக்கும், கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இல்லாததால் வரும் சிலிண்டர் பவருக்கும்தான் அதிக பங்கு. தூரப்பார்வை உள்ள பிள்ளையின் கண், கிட்டத்தில் மட்டுமல்ல, தூரத்தில் பார்க்கவும் உள்ளே இருக்கும் தசையை இறுக்கி லென்ஸைப் புடைக்கச் செய்துகொண்டே இருக்க வேண்டும். பிள்ளைகளின் தசைக்கு அந்த வலு இருப்பதால் எழுத்து அட்டையில் கடைசி வரிசை வரை படித்து 6/6 வாங்கிவிடும். பள்ளியில் நடக்கும் பரிசோதனையில் "கண் நல்லாருக்கு" என்று எழுதிவிடுவார்கள். மாலை வரை அந்தத் தசை உழைத்த உழைப்புதான் வலி.

இதைக் கண்டுபிடிக்க, சொட்டு மருந்து விட்டு அந்தத் தசையைத் தளர்த்திய பிறகு பவர் பார்க்க வேண்டும். முதல் தடவை பிள்ளைக்குக் கண்ணாடி எழுதும்போது இது தேவை. சொட்டு விட்டால் சில மணி நேரமாவது, மருந்தைப் பொறுத்துச் சில நாட்கள் வரைகூட, வெளிச்சம் கூசும், கிட்டத்தில் மங்கும். ஆகவே பரீட்சைக்கு முந்தைய நாள் போகாதீர்கள். கடையில் இருக்கும் கம்ப்யூட்டர் இயந்திரத்தில் மோவாயை வைத்து அரை நிமிடத்தில் எடுத்த பவர், தசை இறுகிய நிலையில் எடுத்தது. இல்லாத கிட்டப்பார்வையை அது காட்டிவிடலாம். நம் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுதிய கண்ணாடி இரண்டு கண்ணுக்கும் கால் பவர். அந்த அளவுக் குறை வாந்தியோடு ஒரு தலைவலியை உண்டாக்காது. சொட்டு விட்டுப் பார்த்தால் அது காணாமலும் போகலாம்.

மதுரைக்காரர்களுக்குக் கண் பரிசோதனை எட்டாத விஷயம் இல்லை. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு இங்கே தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், ராஜாஜி அரசு மருத்துவமனையின் கண் பிரிவும் இருக்கின்றன. தலைவலிக்காகப் போகும்போது பவரை மட்டும் கேட்டுவிட்டு வராமல், "கண்ணின் உட்புறத்து நரம்பைப் பார்த்தீர்களா" என்றும் கேளுங்கள். கண்மணியை விரித்து உள்ளே பார்த்தால், பார்வை நரம்பு தொடங்கும் வட்டம் தெரியும். மண்டைக்குள் அழுத்தம் கூடினால் அந்த வட்டம் வீங்கி ஓரம் மங்கும். ஸ்கேன் எடுக்காமல் மண்டைக்குள் நடப்பதை எட்டிப் பார்க்கக் கிடைக்கும் ஒரே ஜன்னல் அது. தலைவலிப் பிள்ளைக்குக் கண் பரிசோதனையால் கிடைக்கும் பெரிய லாபம் கண்ணாடியைவிட இதுதான் என்பேன்.

சைனஸ் பற்றிச் சுருக்கமாக: மைக்ரேன் வரும்போதே கண்ணில் நீர் வடியும், மூக்கு அடைக்கும். அதைப் பார்த்துவிட்டுச் சளித் தலைவலி என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கிறது. உண்மையான சைனஸ் தொற்றில் பத்து நாளுக்கு மேல் விடாத சளியோ, காய்ச்சலோடு கெட்டியான மூக்குச் சளியோ இருக்கும். மாதக் கணக்கில் விட்டு விட்டு வந்து, இரண்டு மணி நேரத்தில் அடங்கி, நடுவில் மூக்கு சுத்தமாக இருக்கும் வலிக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது.

மாத்திரை விஷயத்தில் இரண்டு தவறு நடக்கிறது. ஒன்று, தாமதம். "கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்" என்று மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்தால், மைக்ரேனில் வயிறும் மந்தமாகியிருப்பதால் மாத்திரை சரியாக ஏறாது. வலி தொடங்கி அரை மணி நேரத்துக்குள், சரியான அளவில் கொடுக்க வேண்டும். பாராசிட்டமால் அளவு ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம். 34 கிலோவுக்கு 510 வருகிறது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. அடுத்த வேளைக்குள் ஆறு மணி நேரம் இடைவெளி இருக்கட்டும். ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. சின்னப் பிள்ளைக்கு சிரப் என்றால் அட்டையைப் படித்தே ஆக வேண்டும். 5 மில்லியில் 120 இருக்கும் பாட்டிலும் உண்டு, 250 இருக்கும் பாட்டிலும் உண்டு. "ஒரு மூடி" என்று பழக்கத்தில் ஊற்றினால் அளவு இரண்டு மடங்கு மாறிவிடும். இபுபுரோஃபென் மைக்ரேனுக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் வெறும் வயிற்றில் கூடாது. காய்ச்சலும் சேர்ந்திருந்து டெங்கு சந்தேகம் இருந்தால் அறவே கூடாது. ஆஸ்பிரின் கலந்த எதையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது, கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரெய் நோய் வரக்கூடும். மெடிக்கலில் "தலைவலி மாத்திரை" என்று மொட்டையாகக் கேட்டால் ஆஸ்பிரினும் காஃபினும் கலந்த மாத்திரை வரலாம். மருந்தின் பெயரைச் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

இரண்டாவது தவறு, அடிக்கடி. மாதத்தில் பதினைந்து நாளும் அதற்கு மேலும் வலி மாத்திரை போகுமானால், சில மாதங்களில் அந்த மாத்திரையே தினசரித் தலைவலியை உண்டாக்கும். வாரத்துக்கு இரண்டு நாளோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு. அதற்கு மேல் தேவைப்பட்டால், அது மருத்துவரிடம் போக வேண்டிய காரணம்.

வராமல் தடுக்கத் தினசரி மாத்திரை கேட்கும் பெற்றோரும் உண்டு. 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 8 முதல் 17 வயது வரையுள்ள மைக்ரேன் பிள்ளைகளுக்கு அமிட்ரிப்டிலின், டோபிராமேட், வெற்று மாத்திரை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தது. தலைவலி நாட்கள் பாதியாகக் குறைந்தவர்கள் முறையே 52, 55, 61 சதவீதம். வெற்று மாத்திரைக்கு மேல் மருந்துகள் ஒன்றும் சாதிக்கவில்லை. பக்கவிளைவு மட்டும் கூடுதல். கவனிப்பும், ஒழுங்கும், காலமும் சேர்ந்தே பாதிப் பிள்ளைகளுக்கும் மேல் தேறிவிடுகிறார்கள். ஆகவே சாப்பாட்டையும் தூக்கத்தையும் எட்டு வாரம் சரிசெய்து பார்க்காமல் தினசரி மருந்துக்கு அவசரப்பட வேண்டியதில்லை. எட்டு வாரத்தில் வலி ஒன்றுமில்லாமல் போய்விடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். ஒன்பது நாள் நான்காகக் குறைந்து, பள்ளிக்கு விடுப்பு நின்றால் அது வெற்றி.

இனி வேறு நேரம். விடியற்காலை நான்கு மணிக்குத் தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, அல்லது கண் விழிக்கும்போதே இருந்து, வாந்தி எடுத்ததும் சற்றுக் குறைகிற வலி. படுத்திருக்கும்போது மண்டைக்குள் அழுத்தம் இயல்பாகவே சிறிது ஏறும். தூக்கத்தில் மூச்சு மெதுவாகி ரத்தத்தில் கரியமில வாயு கூடி, மூளையின் ரத்தக் குழாய்கள் விரிவதும் சேரும். உள்ளே கட்டியோ நீர்த்தேக்கமோ இருந்தால், ஏற்கெனவே நிறைந்திருக்கும் மண்டையில் அந்தச் சின்ன ஏற்றமே வலியாகத் தெரியும். ஒரே ஒரு விடியலில் வந்தால் பயப்பட வேண்டாம், மைக்ரேனும் அதிகாலையில் வரும். வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகிறதா, இருமும்போதும் முக்கும்போதும் ஏறுகிறதா, நடுவில் உள்ள நாட்களில் பிள்ளை பழைய பிள்ளையாக இருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

இந்த மாற்றங்கள் வீட்டுக்குள்ளேயே கண்ணில் படும். நடையில் தள்ளாட்டம், கைப்பொருளைக் கீழே போடுவது, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருப்பது, இரண்டிரண்டாகத் தெரிகிறது என்பது. ஜூன் மாதத்து நோட்டையும் இந்த வாரத்து நோட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கையெழுத்து சிதைந்திருந்தால் அது சோம்பேறித்தனம் இல்லை. புதிதாக விழும் மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்று சிரித்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள். சாந்தமான பிள்ளை சில வாரங்களில் எரிந்து விழும் பிள்ளையாக மாறுவதும் இந்த வரிசையில் சேரும். இவற்றில் ஒன்று தலைவலியோடு சேர்ந்தால், இரண்டொரு நாளுக்குள் குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும். அங்கே அநேகமாக எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். எந்த அறிகுறியும் இல்லாமல், உடல் பரிசோதனையும் சரியாக இருக்கும் பிள்ளைக்கு மன ஆறுதலுக்காக சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லி வற்புறுத்துவது வீண் கதிர்வீச்சு.

அன்றைக்கே, ராத்திரி ஆனாலும் போக வேண்டியவை சில. காய்ச்சலோடு வரும் தலைவலியுடன் மோவாயை மார்பில் தொட முடியாத கழுத்து விறைப்போ, மயக்கமோ, குழப்பமோ சேர்வது. வலிப்பு. ஒரே நொடியில் வெடித்ததுபோல் வந்த, இதுவரை இல்லாத வலி. தலையில் அடிபட்ட பிறகு கூடிக்கொண்டே போகும் வலி, திரும்பத் திரும்ப வாந்தி. கை கால் ஒரு பக்கம் சோர்வது. நம் ஊரில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்: வீட்டில் பெரியவர் ஒருவருக்குக் காசநோய் இருந்து, பிள்ளைக்கு ஒன்றிரண்டு வாரமாக லேசான காய்ச்சல், பசியின்மை, எடை குறைவு, தலைவலி, வாந்தி என்று மெல்ல ஏறினால், மூளைக்காய்ச்சலாக மாறும் காசநோயாக இருக்கலாம். அது சாதாரண மூளைக்காய்ச்சலைப்போல் ஒரே நாளில் முற்றாது. மெதுவாக வருவதாலேயே தவறவிடப்படுகிறது.

அவசரமில்லாமல், ஆனால் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டியவை வேறு. வாரத்தில் ஒரு நாளுக்கு மேல் வலிப்பது, வலியால் பள்ளி விடுப்பு போடுவது, ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை தலைவலி என்று திரும்பத் திரும்பச் சொல்வது, பழைய வலியின் குணம் மாறுவது. அப்படிப் போகும்போது நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். எடை, உயரம், கண் நரம்பு மூன்றையும் பார்ப்பார்கள். ரத்த அழுத்தத்தை நீங்கள் கேட்க வேண்டியிருக்கும், பிள்ளைகளுக்கு அதைப் பார்ப்பது அடிக்கடி விட்டுப்போகிறது. சிறுநீரகக் கோளாறால் ரத்த அழுத்தம் ஏறிய பிள்ளையும் முதலில் சொல்வது தலைவலி என்றுதான். பெரியவர்களுக்குக் கட்டும் அகலப் பட்டையைப் பிள்ளையின் கையில் கட்டினால் அளவு குறைவாகக் காட்டிவிடும். பிள்ளையின் கைக்கேற்ற பட்டையால் எடுத்த அளவைக் கேட்டு, நோட்டில் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள்.